ப்ரீவார்ப் போட்ட பிறகும் நாட்ச் தப்பான இடத்தில் விழுவது ஏன்?

ஒரு சர்வோ மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மோட்டாரையும் சுமையையும் இணைக்கும் கப்ளிங் 400 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதை அடக்க, பிஐ கன்ட்ரோலரோடு 400 ஹெர்ட்ஸில் 80 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு நாட்ச் ஃபில்டரையும் சேர்த்து, தொடர்நேரத்தில் வடிவமைத்தாயிற்று. இதை வினாடிக்கு 2000 முறை ஓடும் புரோகிராமாக மாற்ற வேண்டும்.

டஸ்டின் முறை என்றும் அழைக்கப்படும் பைலீனியர் முறையில் `s` வரும் இடமெல்லாம் `(2/T)(z-1)/(z+1)` என்று போடுகிறோம். நிலைத்தன்மை கெடாது. ஆனால் முடிவில்லாத அதிர்வெண் அச்சு முழுவதும் 0 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் அமுங்கிவிடும். மேலே போகப்போக நெரிசல் கூடும்:

```
f_d = (fs/π) · arctan(π · f_a / fs)
```

400-ஐப் போட்டுப் பாருங்கள், 357 வரும். நாட்ச் 43 ஹெர்ட்ஸ் கீழே போய் விழுகிறது. கப்ளிங் பழையபடி கத்துகிறது. இதைத் தடுக்கத்தான் ப்ரீவார்ப். `2/T` இருக்கும் இடத்தில் `w0/tan(w0*T/2)` போட்டால் `w0`-இல் மட்டும் இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தும்.

```matlab
fs = 2000;  w0 = 2*pi*400;  B = 2*pi*80;
N  = tf([1 0 w0^2], [1 B w0^2]);
op = c2dOptions('Method','tustin','PrewarpFrequency',w0);
Nd = c2d(N, 1/fs, op);
```

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, `w0`-க்குப் பதில் வெறும் 400 என்று கொடுப்பது. அந்த இடத்தில் ரேடியன்/வினாடி வேண்டும். 400 ரேடியன் என்பது சுமார் 64 ஹெர்ட்ஸ்தான். அங்கே நெரிசலே இல்லை. அதனால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் நாட்ச் 358-இல் விழும். ப்ரீவார்ப் போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால் முதலில் அலகைச் சந்தேகியுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தாளில் கணக்குப் போட்டு 400-ஐ 462.5 என்று முன்கூட்டியே ஏற்றிவிட்டு, பிறகு மென்பொருளிலும் ப்ரீவார்ப் கொடுப்பது. இரண்டு முறை திருத்தினால் நாட்ச் 445-க்குப் போய்விடும். இரண்டில் ஒன்று போதும்.

போர்டில் ஏற்றும் முன் குணகங்களை ஒரு முறை பார்த்துவிடலாம். முழு ஆழ நாட்சில் தொகுதியின் நடுக் குணகத்தை முதல் குணகத்தால் வகுத்தால் `-2*cos(w0*T)` வர வேண்டும். நம் கணக்கில் அது -0.618. -0.868 வந்தால் ப்ரீவார்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிட வேலை இது. நான் தவறாமல் செய்வேன்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு வேறு. பிஐ, நாட்ச் இரண்டையும் பெருக்கி ஒரே கன்ட்ரோலராக்கி, மொத்தத்தையும் 400 ஹெர்ட்ஸில் ப்ரீவார்ப் செய்வது. அப்போது `2/T`, அதாவது 4000 இருந்த இடத்தில் 3459 உட்கார்ந்துகொள்ளும், அதுவும் எல்லா அதிர்வெண்ணுக்கும். நாட்ச் சரியாக விழும். ஆனால் இன்டகரல் கெயின் கேட்காமலே 15.6% ஏறிவிடும். 5 ஹெர்ட்ஸில் வைத்த பிஐ மூலை 5.8-க்கு நகரும். டெரிவேட்டிவ் இருந்தால் அது 13.5% குறையும். டியூனிங் செய்தவர் தன் எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். எனவே பிரித்து மாற்றுங்கள்: பிஐ-க்குச் சாதாரண டஸ்டின், நாட்சுக்கு மட்டும் ப்ரீவார்ப், அதன் பிறகு பெருக்கல்.

நாட்சின் மையம் சரியாக விழுந்தாலும் அகலம் அப்படியே வராது. 80 ஹெர்ட்ஸ் கேட்டோம். கிடைப்பது சுமார் 60. சுமை மாறும்போது கப்ளிங்கின் அதிர்வெண்ணும் கொஞ்சம் நகரும் இயந்திரத்தில், குறைந்த அந்த 20 ஹெர்ட்ஸ்தான் பாதுகாப்பு. 80 கட்டாயம் வேண்டுமென்றால் தொடர்நேர வடிவமைப்பில் 106 அளவுக்கு அகலப்படுத்திவிட்டு மாற்றுங்கள்.

கடைசியாக, ப்ரீவார்ப்பிடம் அதன் வேலை அல்லாததைக் கேட்பது. லூப்பின் கிராஸ்ஓவர் 40 ஹெர்ட்ஸ் என்றால், பேஸ் மார்ஜின் குறைகிறதே என்று அங்கே ப்ரீவார்ப் செய்பவர்கள் உண்டு. 40 ஹெர்ட்ஸில் டஸ்டினின் பிழை 0.13%தான், திருத்த அங்கே ஒன்றுமில்லை. பேஸைத் தின்பது தாமதம். கணக்கிட ஒரு சாம்பிள், வெளியீட்டைப் பிடித்து வைப்பதில் அரை சாம்பிள், ஆக 0.75 மில்லிவினாடி. 40 ஹெர்ட்ஸில் அது 10.8 டிகிரி. இந்தத் தாமதத்தைத் தொடர்நேர மாடலிலேயே சேர்த்து வடிவமைக்க வேண்டும், அல்லது சாம்ப்ளிங் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நாட்ச் குணகங்களைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய குணகங்களோடு 4000 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் நாட்ச் 800-இல் போய் நிற்கும்.