கேம் அக்கவுண்ட் ஹேக் ஆனதா? முதலில் மின்னஞ்சலைப் பாருங்கள்

கேம் அக்கவுண்டுக்குள் உங்களால் இன்னும் நுழைய முடிந்தாலும், முதலில் அதோடு இணைத்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது திருடன் கையில் இருந்தால் நீங்கள் வைக்கும் எந்தப் புதுப் பாஸ்வேர்டையும் அவன் ரீசெட் செய்துவிடுவான். மின்னஞ்சல் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளையும் பாருங்கள். எச்சரிக்கை மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் தானாக அழியும்படி அங்கே விதி போட்டு வைத்திருப்பார்கள்.

அப்புறம் கேமின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பட்டனைத் தவறாமல் அழுத்துங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின் சில தளங்களில் அப்படியே உயிரோடு இருக்கும். ஸ்டீம் அக்கவுண்ட் என்றால் steamcommunity.com/dev/apikey பக்கத்தையும் திறந்து பாருங்கள். வேறு புரோகிராம்கள் உங்கள் அக்கவுண்டை அணுக உதவும் ஏபிஐ கீ, நீங்கள் உருவாக்காதது, அங்கே இருந்தால் உடனே நீக்குங்கள். உங்கள் பொருள் பரிமாற்றங்களைக் கண்காணித்துத் திருட அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

கடைசியாகப் பணம். சேமித்த கார்டை நீக்கி, வாங்கிய பட்டியலைப் பாருங்கள். தெரியாத செலவு இருந்தால் அந்த வரிகளின் ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் கேம் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். நேராக வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டால், பல நிறுவனங்கள் அக்கவுண்டையே முடக்கிவிடும். கார்டில் இன்னும் பணம் போய்க்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்காமல் கார்டை பிளாக் செய்துவிடுங்கள்.