பவுன்ஸ் பாஸை எங்கே குத்துவது? கூடவே செஸ்ட் பாஸ், ஓவர்ஹெட் பாஸ்

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு நட்பு கூடைப்பந்து ஆட்டம். நான் வலது விங்கில் நிற்கிறேன். எங்கள் உயரமான ஆள் ரிங்குக்குப் பக்கத்தில், போஸ்ட்டில், ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை நீட்டி பந்து கேட்கிறார். மூன்று முறை அவருக்கு பவுன்ஸ் பாஸ் கொடுத்தேன். மூன்றும் பறிபோனது. மூன்றாவது தடவை பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், அதுதான் ரொம்ப வலித்தது.

மறுநாள் எங்கள் ஊர் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் நாங்கள் ஆடும் சிமெண்ட் கோர்ட்டில், ரொம்ப வருஷமாக ஆடும் ஒரு அண்ணனிடம் புலம்பினேன். "கொடு பார்ப்போம்" என்று எதிரில் போய் நின்றார். கொடுத்தேன். "தம்பி, பந்தை உன் கால்கிட்டயே குத்துற. அது என்கிட்ட வரதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துடுவேன்" என்றார். அந்த ஒரு மாலையில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. பந்தை எப்படிப் பிடிப்பது, பிவட் கால் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பந்தும் சாக்பீஸும்

சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்து போதும். விலை அதிகமான தோல் பந்தை வெளிக் கோர்ட்டில் தேய்ப்பது வீண் என்பது என் கட்சி. காற்று சரியா என்று பார்க்க, தலை உயரத்தில் இருந்து பந்தைச் சும்மா விடுங்கள். எழும்பி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தால் சரி. முழங்கால் அளவிலேயே நின்றுவிடும் பந்தை வைத்துக்கொண்டு பவுன்ஸ் பாஸ் பழகினால் கை தப்பாகவே பழகிவிடும். அப்புறம் ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ரூபாய் சாமான், ஆனால் எனக்கு ஷூவைவிட அதுதான் உதவியது.

செஸ்ட் பாஸ்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பந்து மார்புக்கு நேரே, விரல்கள் பக்கவாட்டில், கட்டைவிரல்கள் பந்துக்குப் பின்னால், முழங்கை உடம்பை ஒட்டி. ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டே தள்ளுங்கள். விட்டு முடித்ததும் கட்டைவிரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பந்து காற்றில் போகும்போது அதன் கோடுகளைப் பாருங்கள். நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் இரண்டு கையும் சமமாக வேலை செய்திருக்கிறது. பம்பரம் மாதிரி பக்கவாட்டில் சுற்றினால் ஒரு கை அதிகமாகத் தள்ளுகிறது. எனக்கு வலது கை.

மூன்று பாஸிலும் வேகமானது இதுதான், நேர்க்கோட்டில் போவதால். ஆனால் அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. டிஃபெண்டர் உங்களை விட்டு இரண்டு கை தூரமாவது தள்ளி நிற்கும்போதும், இரண்டு பேருக்கும் நடுவில் வழி திறந்திருக்கும்போதும் யோசிக்காமல் இதையே கொடுங்கள். ஒட்டி நிற்பவனின் மார்பைக் குறிவைத்துக் கொடுத்தால் அவனுக்கே கொடுத்த மாதிரிதான்.

பவுன்ஸ் பாஸ்: நான் தடுக்கி விழுந்த இடம்

கை வேலை செஸ்ட் பாஸ் மாதிரியேதான், தள்ளும் திசை மட்டும் கீழ்நோக்கி. சிக்கல் பந்து தரையில் படும் இடத்தில். "நடுவில் குத்து" என்று யாரோ பள்ளியில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் அந்த நடுவும் சுருங்கி என் காலடிக்கே வந்துவிடும். அப்படிக் குத்தினால் பந்து சீக்கிரம் மேலே எழும்பி, வேகம் குறைந்து மிதந்து வரும். வாங்குபவரைக் காவல் காப்பவனுக்கு ஓடி வந்து கை வைக்கப் போதுமான நேரம் கிடைக்கிறது.

சரியான இடம், மொத்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டி. விங்கில் இருந்து போஸ்ட்டுக்கு சுமார் நாலரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்து மூன்று மீட்டர், வாங்குபவரிடம் இருந்து ஒன்றரை மீட்டர். அந்த இடத்தில் பட்ட பந்து அவருடைய இடுப்பு உயரத்துக்கு வந்து கையில் உட்காரும்.

ஆட்டத்தில் யார் அளந்து பார்ப்பது? அதற்கு அண்ணன் சொன்ன வழி: உன் காலில் இருந்து எண்ணாதே, வாங்குபவர் காலில் இருந்து எண்ணு. அவருக்கு முன்னால் இரண்டு எட்டு. நீங்கள் எங்கே நின்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. எனக்கு விஷயம் பிடிபட்டது இதைக் கேட்ட பிறகுதான்.

பழகும் முறை இது. நண்பரை எதிரில் நிற்க வையுங்கள். அவர் காலுக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் சாக்பீஸால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருபது முறை குத்துங்கள். வட்டத்தைப் பார்த்துக் குத்துவது முதல் பத்து வரைக்கும்தான். அடுத்த பத்தில் கண் நண்பரின் முகத்தில் இருக்க வேண்டும். தப்பு எங்கே என்று வாங்குபவரின் உடம்பே சொல்லும். அவர் குனிந்து முழங்காலுக்குக் கீழே பிடித்தால் அவருக்கு ரொம்பப் பக்கத்தில் குத்திவிட்டீர்கள். பந்து நெஞ்சு உயரத்துக்கு மெதுவாக வந்தால் உங்கள் பக்கம் குத்தியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த ஆட்டத்துக்கே திரும்புவோம். என்னைக் காத்தவன் என்னைவிட உயரம், ஒரு கை தூரத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். உயரமானவன் கையைத் தூக்கிவிட்டால் அதை முழங்காலுக்குக் கீழே கொண்டுவர அவனுக்கு வெகு தூரம். அதனால் பவுன்ஸ் பாஸைத் தேர்ந்தெடுத்தது சரிதான், கொடுத்த விதம்தான் தப்பு. இன்று அதே இடத்தில் இப்படிச் செய்கிறேன். வலது கால் பிவட். பந்தைத் தலைக்கு மேல் ஒரு கணம் தூக்கிக் காட்டுகிறேன். அவன் கை இன்னும் மேலே போகிறது. உடனே இடது காலைக் குறுக்கே, அவன் காலைத் தாண்டி பேஸ்லைன் பக்கம் வைக்கிறேன். என் உடம்பு அவனுக்கும் பந்துக்கும் நடுவில் வந்துவிடும். வலது கையால் அவன் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பந்தை விடுகிறேன், போஸ்ட்டில் நிற்பவர் எந்தக் கையை நீட்டிக் கேட்கிறாரோ அந்தப் பக்கமாக. அவரைக் காப்பவன் அதற்கு மறுபக்கம் நிற்பான் என்பதால்தான் அந்தக் கையை நீட்டுகிறார்.

காலை எட்டி வைக்காமல் கையை மட்டும் நீட்டினால் இது நடக்காது. பந்து அவன் பாதத்தில் பட்டுத் தெறிக்கும். இன்னொன்று, ஃபேக் நன்றாக வருகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு மீட்டருக்குள் டிஃபெண்டர் நெருக்கி நிற்கும்போது பந்தை 5 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் விசில்தான். ஒரு ஃபேக், ஒரு பாஸ்.

ஓவர்ஹெட் பாஸ்

பந்து நெற்றிக்கு மேலே, கொஞ்சம் முன்னால். தலைக்குப் பின்னால் கொண்டு போகவே கூடாது. பின்னால் இருந்து ஒருவன் தட்டிவிடுவான் என்பது ஒரு காரணம். அங்கிருந்து முன்னால் கொண்டுவரும் நேரத்தில் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள் என்பது இன்னொன்று. முழங்கை லேசாக மடங்கியிருக்க, மணிக்கட்டை வெட்டி விடுங்கள். பந்து தட்டையாகப் போக வேண்டும். வானத்தைப் பார்த்து வளைந்து போனால், அது இறங்குவதற்குள் டிஃபெண்டர் அடியில் வந்து நிற்பான்.

டிஃபெண்டர் குனிந்து, கைகளைத் தாழ்த்தி, டிரிபிளைத் தடுக்கத் தயாராக நிற்கும்போது இது வெல்லும். எதிரணி ஸோன் போட்டு ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும்போது மறுபக்கம் காலியாக நிற்பவருக்குக் கடத்தவும் இதுதான். ரீபவுண்டு எடுத்த கையோடு பந்தை இறக்காமல் ஓரத்தில் நிற்பவருக்கு விடவும் இதையே சொல்வேன். கீழே இறக்கினால் சின்ன ஆட்கள் வந்து பிடுங்குவார்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. மாலையில் கடல் காற்று ஏறிவிட்டால் கோர்ட்டைக் குறுக்கே கடக்கும் நீளமான ஓவர்ஹெட் பாஸ் ஒரு அடியாவது ஒதுங்கும். காற்று வரும் பக்கமாகக் குறிவைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. இப்போதெல்லாம் நடுவில் ஒருவரை வைத்து இரண்டு செஸ்ட் பாஸாக உடைத்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை 1: தேவனாம்பட்டினம் பக்கம் ஆடும் ஒரு தம்பி, பவுன்ஸ் பாஸ் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தார். தரையில் மணல் படிந்திருந்தாலோ மழை ஈரம் இருந்தாலோ பந்துக்குப் பிடிமானம் இருக்காது. பின்சுழற்சி வேலை செய்யாது, பந்து வேகம் குறையாமல் தாழ்வாகவே போகும். முதலில் பெருக்குங்கள். முடியாவிட்டால் குத்தும் இடத்தை ஒரு அடி உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா, ஓவர்ஹெட் பாஸ் பாதியிலேயே விழுகிறது என்றார். என்ன பந்து என்று கேட்டால் 7ஆம் எண். அது பெரிய ஆண்கள் ஆடுவது, 600 கிராம் பக்கம் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 5ஆம் எண் கொடுங்கள், தூரத்தையும் நாலு மீட்டரில் இருந்து தொடங்குங்கள்.

பின்சேர்க்கை 3: "கையை மேலேயும் வைக்காமல் கீழேயும் வைக்காமல், ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிற்கிறானே, அவனை என்ன செய்வது?" நல்ல டிஃபெண்டர் அப்படித்தான் நிற்பான். அப்போது ஒவ்வொரு கையையும் தனியாகப் பாருங்கள். தூக்கிய கைக்குக் கீழே இடுப்போரம் காலி, அங்கே பவுன்ஸ் பாஸ். தாழ்த்திய கைப்பக்கம் அவன் காதோரம் காலி, அங்கே கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் நேராக விடுங்கள். எந்தக் கை அசையாமல் நிற்கிறதோ அந்தப் பக்கம் போகாதீர்கள். அவன் ஃபேக்கை நம்பவில்லை என்று அர்த்தம்.