பொங்கலுக்குக் கடை அடைக்கிறீர்களா? விடுமுறை அறிவிப்பை இப்படி எழுதுங்கள்

எங்கள் சித்தப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அந்தக் கடைக்கான அறிவிப்புகளை நான்தான் எழுதிப் போடுகிறேன். ஒரு பொங்கலுக்கு “நாளை முதல் 3 நாள் கடை விடுமுறை” என்று எழுதிவிட்டேன். அதை யாரோ மறுநாள் ஒரு குரூப்பில் பகிர, படித்தவர்களுக்கு எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போனது. ஒரு விவசாயி பைக்கில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து, பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு “நாளை” என்ற சொல்லை நான் அறிவிப்பில் எழுதுவதே இல்லை.

2026 பொங்கலை வைத்தே பார்ப்போம்.

படி 1: தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்

ஜனவரி 14 புதன் போகி. 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி மாட்டுப் பொங்கல், 17 சனி காணும் பொங்கல், அடுத்தது ஞாயிறு. முதலில் ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாகக் கடை எத்தனை மணி வரை, எந்தெந்த நாள் அடைப்பு, மறுபடி எப்போது திறப்பு. திறக்கும் நேரத்தைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். வாடிக்கையாளர் முக்கியமாகத் தேடுவதே அதைத்தான்.

எங்களைப் போன்ற ரிப்பேர் கடை என்றால் இன்னொன்றும் வேண்டும். வேலை முடிந்த மோட்டாரை எப்போதுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டைலரிங் கடைக்கும் செல்போன் சர்வீஸுக்கும் இது பொருந்தும்.

படி 2: எது அவசரம் என்று நீங்களே சொல்லுங்கள்

“அவசரத்துக்கு அழைக்கவும்” என்று மட்டும் போட்டால், பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் “அரை ஹெச்பி மோட்டார் என்ன விலை?” என்று போன் வரும். அவர்கள் மேல் தவறில்லை, நாம்தான் எல்லை சொல்லவில்லை. எங்களுக்கு அவசரம் என்றால் வீட்டில் தண்ணீரே ஏறாத நிலை. அதிலும் விடுமுறையில் செய்து தர முடிந்தது சின்ன வேலைதான். மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அதை வீட்டுக்கே போய் மாற்றிவிடலாம். காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங் செய்ய ஆள் இருக்காது. அதை அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், அவர்கள் வீணாகக் காத்திருக்காமல் வேறு ஏற்பாடு பார்ப்பார்கள்.

யார் எண்ணைப் போடுகிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அவருக்கும் பண்டிகைதான். எங்கள் கடைப் பையன் பொங்கலன்று மதியம் 12 மணிக்கு மேல்தான் போன் எடுப்பேன் என்றான், அதையே எழுதினோம்.

கரண்ட் பிரச்சினைக்கும் எங்களையே கூப்பிடுகிறார்கள். அதனால் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணையும் சேர்த்துவிட்டேன்.

படி 3: எழுதுங்கள்

> பொங்கல் விடுமுறை: ஜனவரி 15 வியாழன் முதல் 18 ஞாயிறு வரை கடை இல்லை.
> 19 திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கிறோம்.
> 14 புதன் (போகி) மதியம் 1 மணி வரை மட்டும். ரெடியான மோட்டாரை அதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.
> அவசரம் (வீட்டில் தண்ணீரே ஏறவில்லை என்றால் மட்டும்): உங்கள் எண். காலை 8 முதல் மாலை 6 வரை. 15ஆம் தேதி மட்டும் மதியம் 12 மணிக்கு மேல்.
> ரீவைண்டிங் வேலை 19ஆம் தேதிக்குப் பிறகுதான்.
> கரண்ட் இல்லை என்றால் மின்னகம்: 94987 94987
> அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்!

வாழ்த்து கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீளமான பதிவில் முதல் சில வரிகள் மட்டும் தெரியும், மீதி மடங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் தேதி இருக்கட்டும்.

கரும்பும் பானையும் போட்ட படம் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் போன் எண்ணைப் படத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். எழுத்தாக இருந்தால் தொட்டவுடன் அழைக்கலாம். படத்தில் இருந்தால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும், வயதானவர்களுக்கு அது பெரிய சிரமம்.

படி 4: போட வேண்டிய இடங்கள்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் தினமும் புதிதாகப் போட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் `Away message` பகுதியில் இதே செய்தியை ஒட்டி, `Custom schedule` என்பதில் தொடக்கமும் முடிவும் கொடுங்கள். போனில் இன்டர்நெட் ஓடினால்தான் இந்தப் பதில் போகும். கடை போனை அணைத்து மேசை டிராயரில் வைத்துவிட்டு ஊருக்குப் போனால் யாருக்கும் எதுவும் போகாது.

கூகுள் மேப்பில் கடை இருந்தால் `Special hours` பகுதியில் அந்த நான்கு நாளும் அடைப்பு என்று குறியுங்கள், போகிக்கு மதியம் 1 மணி வரை என்று மாற்றுங்கள். ஷட்டரிலும் ஒரு தாள் ஒட்டுங்கள், அவசர எண் ரோட்டில் நின்று படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

ஒரு வாரம் முன்பே, அதாவது 8ஆம் தேதி வாக்கில், முதல் முறை போடுங்கள். 13ஆம் தேதி காலையில் மறுபடி. 19ஆம் தேதி ஷட்டரைத் தூக்கியதும் தாளைக் கிழித்துவிட்டு, ஃபேஸ்புக்கில் மேலே பின் செய்த பதிவையும் எடுத்துவிடுங்கள்.