"மேம், இன்னும் கொஞ்சம் டைம் வேணும்": ஆஃபர் கையில் இருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். முதலில் கன்சல்டன்சியில் இருந்தேன், இப்போது ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில். ஆஃபர் லெட்டர் கொடுத்த பிறகு நல்ல ஆட்கள் கை நழுவிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவகாசம் கேட்டதால் அப்படி ஆவதில்லை, கேட்ட விதத்தால்தான் ஆகிறது.

ஒரு டெவலப்பர் தம்பி. மூன்று ரவுண்டும் நன்றாகச் செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை லெட்டர் அனுப்பினேன், வியாழன் மாலை 6 மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவருக்கு இன்னொரு கம்பெனியிலும் இன்டர்வியூ முடிந்து, சம்பளம் பேசி, லெட்டர் வர வேண்டியது மட்டும் பாக்கி. இது எனக்குத் தெரியாது. வியாழன் 5.40க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "மேம், இன்னும் கொஞ்சம் டைம் வேணும், வீட்ல பேசணும்." எதுவரை என்று கேட்டேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை, பட்டியலில் இரண்டாவதாக இருந்தவருக்கு ஆஃபர் போய்விட்டது. மறுநாள் தம்பியே கூப்பிட்டார். அந்த இன்னொரு கம்பெனியில் அந்த இடத்தையே நிறுத்திவைத்துவிட்டார்களாம்.

அவர் செய்த முதல் தவறு வியாழன் மாலை நடந்ததல்ல, செவ்வாய் இரவே நடந்துவிட்டது. லெட்டர் கைக்கு வந்ததும் முதலில் பேசியிருக்க வேண்டியது என்னிடம் இல்லை, அந்த இன்னொரு கம்பெனியிடம். "எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கிறது, வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் லெட்டர் என்றைக்கு வரும்?" என்று கேட்டிருந்தால் ஒன்று அவர்கள் வேகப்படுத்தியிருப்பார்கள், அல்லது ஒரு தேதி சொல்லியிருப்பார்கள். தேதி சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான். "ஆஃபர் ரிலீஸ் ஆகிடும், அப்ரூவல்ல இருக்கு" என்பது ஆஃபர் இல்லை. சம்பளம் பேசி முடித்த பிறகும் அப்ரூவல் நின்றுபோவது எங்கள் வேலையில் அடிக்கடி நடக்கும். அந்த வாய்வார்த்தையை நம்பிக் கையில் இருக்கும் லெட்டரைக் காலாவதியாக விடாதீர்கள்.

அடுத்தது, தேதி இல்லாமல் கேட்பது. "கொஞ்சம் டைம்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது. மேனேஜர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "வருவாரா, மாட்டாரா, எப்போது தெரியும்?" "திங்கள் மதியம் 12 மணிக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார்" என்று நான் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார். "யோசிக்கிறாராம்" என்று சொன்னால், அடுத்த ஆளைப் பார் என்பார். இரண்டாவதாக இருப்பவரை நாங்கள் "இன்னும் ரிசல்ட் வரவில்லை" என்று சொல்லி வைத்திருப்போம். அவரையும் அதிக நாள் அப்படி வைத்திருக்க முடியாது, அவருக்கும் வேறு இடங்களில் இன்டர்வியூ ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் கேட்கலாம்? இரண்டு நாள் கெடு கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு, மூன்று வேலை நாட்கள் கேட்பதில் தவறில்லை. ஒரு வாரம் என்றால் வலுவான காரணம் வேண்டும். மற்ற கம்பெனி வெள்ளிக்கிழமை என்று சொன்னால் நீங்கள் திங்கள் மதியம் என்று கேளுங்கள், அவர்கள் ஒரு நாள் தள்ளினாலும் சமாளிக்கலாம். இரண்டாவது முறை கேட்கிற நிலைமையை மட்டும் உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். முதல் முறை கொடுப்பவர்கள்கூட இரண்டாவது முறை கொடுப்பது அபூர்வம்.

காரணத்தை மறைப்பதும் வேலைக்கு ஆகாது. வீட்டில் பேசணும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கோவில் விசேஷம் என்பதெல்லாம் நாங்கள் தினமும் கேட்பவை. பொய்யான காரணத்துக்கு ஒரு குறையும் உண்டு: அதில் முடிவுத் தேதியே இருக்காது. உண்மையைச் சொன்னால் தேதி தானாகவே வந்துவிடும். வேறு இடத்தில் ஆஃபர் இருக்கிறது என்று சொன்னால் ரெக்ரூட்டர் கோபப்படுவார் என்று நினைக்காதீர்கள், அதை நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த லெட்டரை அனுப்பச் சொன்னால், "அது ரகசியமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தது, அனுப்ப முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

நோட்டீஸ் பீரியட் விஷயம்தான் பலரும் கவனிக்காதது. நீங்கள் நேரம் கேட்கும்போது ரெக்ரூட்டர் மனதில் ஓடுவது ஜாயினிங் தேதி. ஏற்கெனவே ரிசைன் செய்து நோட்டீஸில் இருக்கிறீர்கள் என்றால், நாலு நாள் தாமதமாகக் கையெழுத்துப் போட்டாலும் கடைசி வேலை நாள் மாறப்போவதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைவிடப் பலமான வாதம் உங்களிடம் இல்லை. இன்னும் ரிசைன் செய்யவில்லை, 60 நாள் நோட்டீஸ் என்றால், நீங்கள் தள்ளும் ஒவ்வொரு நாளும் ஜாயினிங்கும் ஒரு நாள் தள்ளும். அப்போது, "ஒத்துக்கொண்ட அன்றைக்கே ரிசைன் செய்துவிடுவேன்" என்று சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குக் கணக்குப் போட முடியும்.

அந்தத் தம்பி புதன்கிழமை காலை எனக்கு இப்படி ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம்:

"ஆஃபருக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு விருப்பம் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் பார்த்து முடிவு செய்ய, வியாழனுக்குப் பதில் திங்கள் மதியம் 12 மணி வரை அவகாசம் தர முடியுமா? ஒத்துக்கொண்டால் அன்றே ரிசைன் செய்துவிடுவேன். முடியாது என்றால் சொல்லுங்கள், வியாழனுக்குள்ளேயே பதில் தருகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், கேட்பது மிரட்டலாகத் தெரியாமல் இருப்பது அதனால்தான். மெயிலில் அனுப்பிவிட்டு ஒரு போன் பண்ணுங்கள். "சரி" என்று போனில் சொன்னால், புதுத் தேதியை மெயிலிலும் உறுதி செய்யச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் ஆஃபரை ஒத்துக்கொள்ளும் லிங்க் குறித்த நேரத்தில் தானாக மூடிவிடும், ரெக்ரூட்டர் அதை நீட்டித்தாரா என்று கேட்டு வையுங்கள். சம்பளப் பேச்சை இதே மெயிலில் கொண்டுவராதீர்கள். நேரம் கேட்பது பேரம் பேசத்தான் என்று ஆகிவிடும், அப்புறம் இரண்டும் கெடும்.

கன்சல்டன்சி வழியாக வந்த ஆஃபர் என்றால் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் சேர்ந்தால்தான் பொதுவாக அவர்களுக்குக் கமிஷன். அதனால் "இன்றைக்கே சொல்லுங்க, இல்லாவிட்டால் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். அது கம்பெனி சொன்னதா, அவர்களாகச் சொல்கிறார்களா என்று தெரியாது. மெயிலைக் கம்பெனி எச்.ஆருக்கே அனுப்பி, கன்சல்டன்சிக்காரரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது, நேரம் கேட்கத் தயங்கி ஆஃபரை ஒத்துக்கொண்டுவிட்டு, வேறு லெட்டர் வந்ததும் போனை எடுக்காமல் விடுவது. ஒத்துக்கொண்ட அன்றே மற்றவர்களுக்கு நாங்கள் மறுப்பு மெயில் அனுப்பிவிடுவோம். உங்கள் பெயருக்கு எதிரே "ஒத்துக்கொண்டு வரவில்லை" என்ற குறிப்பு எங்கள் சாஃப்ட்வேரில் இருக்கும். மூன்று வருடம் கழித்து வேறொரு வேலைக்கு விண்ணப்பித்தாலும் அது கண்ணில் படும். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் கெடு வரை காத்திருக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை நான் கூப்பிட்ட, பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெண், வேறு ஒரு கம்பெனிக்கு அன்று மதியம் "சரி" சொல்ல இருந்தார். வெள்ளிக்கிழமையே என் போன் வரும் என்று காத்திருந்ததாகச் சொன்னார்.