ஃபெலோஷிப் முடிகிறது, ஆய்வேடு முடியவில்லை: கல்லூரியில் எப்படி உதவி கேட்பது?

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு யூஜிசி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டுகள்தான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விதி தரும் காலமோ 6 ஆண்டுகள். ஆக, கடைசி ஓராண்டுக்குப் பணம் இல்லாமல் போவது இந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. பதிவுக் காலத்தை நீட்டிக்கக் கடிதம் கொடுத்தால் உதவித்தொகையும் சேர்ந்து நீளும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது நடக்காது. நீட்டிப்பு உங்கள் பதிவைக் காப்பாற்றும், மாதப் பணத்தைத் தராது. அந்தப் பணத்துக்குக் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு ஆய்வு செய்யும் மாணவி. வீடு தலைஞாயிறு பக்கம், கடைமடை, சம்பா ஒரு போகம்தான். ஃபெலோஷிப் தொடங்கியது 1.10.2021, முடிவது 30.9.2026. இன்னும் இரண்டு இயல் எழுத வேண்டும், 2027 மார்ச்சில் சமர்ப்பிக்கலாம் என்று நெறியாளர் சொல்கிறார். இடையில் ஆறு மாதம். வீட்டிலோ அக்டோபரில் கையிருப்பெல்லாம் வயலில் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வர மாசி ஆகிவிடும்.

1. நின்றதா, தேங்கியதா என்று பாருங்கள்

பணம் வரவில்லை என்பதாலேயே காலம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. ஒவ்வொரு மாதமும் கல்லூரி கனரா வங்கித் தளத்தில் உறுதிப்படுத்தினால்தான் தொகை வரும். ஒருவர் பதிவிட்டு, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டாமவர் விடுப்பில் போனாலே மாதம் நின்றுவிடும். உங்கள் பாஸ்புக்கை எடுத்து, மாதவாரியாக வந்த தொகையை ஒரு தாளில் எழுதுங்கள்.

குறிப்பாக, மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தைப் பாருங்கள். அப்போது மூவர் குழு மதிப்பிட்டு எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்த்த வேண்டும். தொகை 37,000-இலிருந்து 42,000 ஆகும். நம் மாணவிக்கு 2023 அக்டோபரில் உயர்ந்திருக்க வேண்டியது, அறிக்கை தாமதமாகி ஜனவரியில்தான் தளத்தில் ஏறியது. மூன்று மாத வித்தியாசம் 15,000 ரூபாய். அது அவருக்குரிய நிலுவை. பலர் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். கேட்பதானால் காலம் முடியுமுன் கேளுங்கள், பிறகு கோப்பைத் திறக்க வைப்பது கடினம்.

2. தேவையைக் கணக்காக்குங்கள்

விடுதி, மெஸ் மாதம் 4,000, மற்ற செலவு 2,000. ஆறு மாதத்துக்கு 36,000. சமர்ப்பிப்புக் கட்டணம், பைண்டிங் 14,000. ஆக 50,000. நிலுவை 15,000 போனால் 35,000.

3. கேட்பதைப் பிரியுங்கள்

மொத்தமாக 35,000 கேட்டால் எந்த முதல்வரும் தயங்குவார். முதலில், கல்லூரிக்குச் செலவே இல்லாததைக் கேளுங்கள். மெஸ் கட்டணம் 24,000-ஐ மார்ச் இறுதிவரை தள்ளிவைப்பது முதல்வர் தன் கையெழுத்திலேயே செய்யக்கூடியது. மீதி 11,000. அதை ஏழை மாணவர் நிதியிலிருந்தோ முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்தோ கேட்கலாம். சங்கத்துக்குச் செயற்குழு கூட வேண்டும், ஆகவே ஜூலையிலேயே கடிதம் போக வேண்டும்.

நெறியாளரிடம் நடப்புத் திட்டம் இருந்தால், அதில் ஊதியத்தோடு சேர முடியுமா என்றும் கேளுங்கள். ஆனால் முழுநேரப் பதிவில் இருப்பவர் எழுத்துபூர்வ அனுமதி வாங்காமல் எந்த வேலையிலும் சேர வேண்டாம். பதிவுக்கே சிக்கல் வரும்.

4. கடிதம்

> பெறுநர்: முதல்வர் அவர்கள் (நெறியாளர், துறைத்தலைவர் வழியாக)
>
> பொருள்: உதவித்தொகைக் காலம் 30.9.2026-இல் நிறைவடைவது – மெஸ் கட்டணம் தள்ளிவைக்கவும், ரூ. 11,000 நிதியுதவி வழங்கவும் வேண்டுதல்.
>
> ஐயா/அம்மா, மூன்று இயல்கள் நெறியாளரின் ஒப்புதல் பெற்றுவிட்டன. மீதி இரண்டையும் முடித்து 2027 மார்ச்சில் சமர்ப்பிக்க உள்ளேன். மெஸ் நிலுவையை, எங்கள் சம்பா நெல் விற்பனைத் தொகையிலிருந்து 31.3.2027-க்குள் செலுத்துகிறேன்.

இதில் கனமான வரி இயல்களைப் பற்றியதுதான். "படிப்பு முடியும்" என்பதற்கான ஆதாரம் அது. எனவே மீதி இயல்களுக்கான மாதவாரி அட்டவணையை நெறியாளர் கையெழுத்தோடு இணையுங்கள். ஃபெலோஷிப் ஆணை நகல், பாஸ்புக் பக்கங்கள், செலவுக் கணக்கு ஆகியவையும் வேண்டும். திருப்பிச் செலுத்தும் தேதியை மார்ச் இறுதி என்றே எழுதுங்கள். தை மாத மழையில் நெல் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் தள்ளிப்போகும்.

5. ஆணை வந்த பிறகு

முதல்வர் கையெழுத்திட்ட தாளோடு அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். நகல் ஒன்றை விடுதி அலுவலகத்திலும், இன்னொன்றைக் கணக்குப் பிரிவிலும் கொடுத்து, உங்கள் பெயருக்கு நேரே "31.3.2027 வரை அவகாசம்" என்று பேரேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கண்ணால் பாருங்கள். அது ஏறாவிட்டால் மாதா மாதம் அபராதம் சேரும். ஆய்வேட்டோடு வைக்க வேண்டிய நிலுவையின்மைச் சான்று வாங்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.