'பார்க்கலாம்' என்று சொல்லாமல் கூட்டத்துக்கு மறுப்புச் சொல்வது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு பார்க்கும் கிராணி நான். போன வருடம் ஈப்போவில் இருக்கும் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். குலை வெட்டும் கணக்கைத் தாளிலிருந்து டேப்லெட்டுக்கு மாற்றப் போகிறார்களாம், செவ்வாய்தோறும் காலை 9 மணிக்குக் கூட்டமாம். "நீயும் இதுல இருக்கணும் தம்பி" என்றார்.

"பார்க்கலாங்கக்கா" என்றேன்.

தோட்டத்தில் இதைச் சொன்னால் வரமாட்டான் என்று அர்த்தம். அக்கா காதில் அது 'சரி' என்று விழுந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து வந்த பட்டியலில் எங்கள் தோட்டத்துப் பொறுப்பாளர் என்று என் பெயர். மூன்றாவது செவ்வாய், எல்லாரும் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்த நேரத்தில், நான் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், அவர்களை மேய்க்கும் மண்டோரோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மேலதிகாரி முன்னால் தலைகுனிவு. அதைச் சரிக்கட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

படி 1: எந்த நாள் இடிக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

'வேலை நிறைய' என்பதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லாருக்கும்தான் வேலை நிறைய. தேதியோடு சொல்ல வேண்டும். 1955 வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7ஆம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். எங்களுக்குச் சம்பளக் காலம் மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த ஏழு நாளில் மண்டோர் எழுதிய குலைக் கணக்கை ஆலையில் நிறுத்த எடையோடு ஒத்துப்பார்த்து, ஆளுக்கு ஆள் வேலையும் சம்பளமும் எழுதும் செக்ரோலை மூடவேண்டும். ஒரு ஆளின் குலை ஒன்று விட்டுப்போனாலும் மறுநாள் காலை அவர் ஜன்னல் பக்கம் நிற்பார்.

காலண்டரைப் புரட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. 1 முதல் 7 தேதிக்குள் எந்த மாதமானாலும் ஒரு செவ்வாய் கட்டாயம் வரும். அதாவது இந்தக் கூட்டம் மாதம் ஒருமுறை என் சம்பள வாரத்தில் விழுந்தே தீரும். இதை முதலிலேயே பார்த்திருந்தால் 'பார்க்கலாம்' என்று இழுத்திருக்க மாட்டேன்.

படி 2: எழுதுவதற்கு முன் ஒரு போன்

மூத்தவர்களுக்கு நேரே மெயிலில் மறுப்பு அனுப்பாதீர்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள், அதன் பிறகு பேசியதையே எழுதி அனுப்புங்கள். சின்ன ஊர் இது. அதே அக்காவை அடுத்த வாரம் கோயிலிலோ யார் வீட்டுக் கல்யாணத்திலோ பார்க்கத்தான் போகிறோம். வாட்சாப் குழுவில் மட்டும் மறுப்புச் சொல்லவே கூடாது. அங்கே இருபது பேர் பார்க்க 'முடியாது' என்று எழுதினால், கூப்பிட்டவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாமல் போகும்.

படி 3: வாசகம்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதலில் நான் எழுதி அனுப்பியது இப்படி இருந்தது:

"மன்னிக்கணும் அக்கா, வரணும்னு ஆசைதான், ஆனா இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம், காரும் வொர்க்‌ஷாப்ல இருக்கு, முடிஞ்சா வரேன்."

இதில் மறுப்பே இல்லை. 'இந்த மாசம்' என்றால் அடுத்த மாதம் வருவேன் என்று ஆகிறது. காரைச் சொன்னது அதைவிடத் தப்பு. "அதுக்கென்ன, நம்ம வண்டி அந்தப் பக்கம்தானே வருது, ஏத்திக்கச் சொல்றேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். சின்னக் காரணங்களை அடுக்கினால் நல்ல மனசுக்காரர்கள் ஒவ்வொன்றையும் தீர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் போகாமலிருக்க வழியே இருக்காது.

பிறகு நான் அனுப்பியது:

"அக்கா, செவ்வாய்க் கூட்டக் குழுவில் என்னால் பொறுப்பாளராக இருக்க முடியாது. மாதம் 1 முதல் 7 வரை சம்பளம் முடிக்கிற நாள், அதில் ஒரு செவ்வாய் எப்போதும் விழுகிறது. செக்ரோலில் எந்தக் கட்டம் எதற்கு என்று விளக்க ஒருமுறை வருகிறேன்: வரும் இரண்டாவது செவ்வாய், 9 முதல் 10 வரை. அதன் பிறகு கேள்வி இருந்தால் எழுதி அனுப்புங்கள். 8ஆம் தேதிக்கு மேல் என்றால் மறுநாளே பதில் தருகிறேன்."

முதல் வரியிலேயே 'முடியாது' வந்துவிடுகிறது. காரணம் ஒன்றுதான், அதை யாரும் வண்டி அனுப்பித் தீர்க்க முடியாது. மூன்றாவது வரிக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு உண்மையில் தேவைப்பட்டது நான் அங்கே உட்கார்ந்திருப்பது இல்லை, எங்கள் செக்ரோல் எப்படி எழுதப்படுகிறது என்ற விவரம். அதை ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு நாளும் நேரமும் போட்டுவிடுங்கள். 'என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க' என்று முடித்தால், மறுத்த வேலை பின்வாசல் வழியாகத் திரும்பி வரும்.

மலாய்க்காரச் சகஊழியருக்கு அனுப்புவதானாலும் இதே வரிசைதான். 'தெங்கோக் டூலு' என்பது அவர்கள் ஊர் 'பார்க்கலாம்', அதையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 4: பட்டன்

எனக்கு அவுட்லுக்தான் பிடிக்கும், டெஸ்க்டாப்பில் இருக்கும் பழைய அவுட்லுக். அழைப்பில் Decline அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும். Do Not Send a Response என்பதை நான் மரியாதை என்று நினைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 'அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே' என்ற நினைப்பு. என் காலண்டரிலிருந்து கூட்டம் காணாமல் போனது, கூப்பிட்டவருக்கோ தகவலே போகவில்லை. Edit the Response Before Sending என்பதை அழுத்தி, படி 3 வாசகத்தை ஒட்டி அனுப்புங்கள். Tentative பக்கம் போகவே வேண்டாம், அது பட்டன் வடிவத்தில் இருக்கும் 'பார்க்கலாம்'.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகி முதல் வாரக் கூட்டத்தை மட்டும் மறுக்கப் போய், வருடம் முழுவதுக்குமான கூட்டத்தையும் மறுத்துவிட்டார். வாராவாரம் வரும் கூட்டத்தின் அழைப்பு மெயிலில் Decline அழுத்தினால் அப்படித்தான் ஆகும். மெயிலில் ஏற்றுக்கொண்டு, பிறகு காலண்டரில் அந்தக் குறிப்பிட்ட தேதியைத் திறந்து, அதை மட்டும் மறுக்க வேண்டும். மாதாமாதம் இப்படிச் செய்வது அலுப்பாக இருந்தால், கூட்டத்தை இரண்டாவது, நான்காவது செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: "கூப்பிடுவது என் மானேஜரே என்றால்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அங்கே இந்த வாசகம் எடுபடாது. நான் கையிலிருக்கும் வேலைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "ஐயா, இதைச் செய்யறேன், இதுல எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று கேட்பேன். போன மாதம் அவர் பென்சிலால் பழைய ஃபைல் அடுக்கும் வேலையை அடித்துவிட்டார். அதற்கு முந்தின மாதம் எதையும் அடிக்கவில்லை. "எல்லாமே வேணும்பா" என்றார். இரண்டு ஞாயிறு ஆபீசில்தான் கழிந்தது.