ஊர் மாறிப் போகும் பிள்ளைக்குப் பரிசு: எங்கே தவறுகிறோம்?

டெல்டாவிலிருந்து வெளிநாடு போகும் குடும்பங்கள் எப்போதும் உண்டு. இப்போது பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போகிறவர்கள் அதிகம். கிளம்பும் வாரத்தில் அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் டீச்சர் என்று ஆளுக்கொரு பரிசோடு வருவார்கள். தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. எல்லாம் அருமையான பொருள்கள்தான். ஆனால் இவற்றை நினைத்து ஏங்கப்போவது பெரியவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏங்குவது, சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஒரு தோழிக்காக.

ஓர் உதாரணத்தை வைத்துப் பேசினால் எளிது. கும்பகோணத்தில் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், அப்பாவின் வேலைக்காக மெல்போர்ன் போகிறாள். உயிர்த்தோழி அதே தெருவில் இருக்கிறாள். இந்த இருவரை மனத்தில் வைத்து என்ன வாங்குவது?

பலரும் முதலில் நினைப்பது டேப்லெட். "வீடியோ காலில் பேசிக்கலாம்ல" என்பார்கள். பேசலாம், எப்போது? அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கும். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அங்கே பிள்ளை பள்ளி விட்டு மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது இங்கே காலை பத்தோ பதினொன்றோ, தோழி வகுப்பில் இருப்பாள். இங்கே தோழி ஐந்து மணிக்கு வரும்போது அங்கே இரவு ஒன்பதரை அல்லது பத்தரை, பிள்ளை தூங்கியாக வேண்டும். ஆக, வார நாள்களில் இருவருக்கும் பொதுவான நேரமே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த டேப்லெட் வாங்கினாலும் இது மாறாது. இன்னொன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. அதனால் இரண்டு பக்கமும் அம்மாக்களின் போனில்தான் பேச்சு நடக்கும். பிள்ளை கையில் தனி டேப்லெட் இருந்தால் அதில் தோழி வரமாட்டாள், கார்ட்டூன்தான் வரும்.

சனி, ஞாயிறு மட்டும் வழி உண்டு. இங்கே காலை பத்து என்றால் அங்கே பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. மே மாதம் நமக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி. அப்போது வார நாளிலும் அங்கே மூன்றரை, இங்கே பதினொன்று என்று வசதியாகப் பொருந்தும். பொங்கல் சமயம் அங்கே கோடை விடுமுறை, பிள்ளை வீட்டில் இருப்பாள். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி இரண்டு வீட்டிலும் ஒட்டிவிட்டால் அதுவே பாதிப் பரிசு. இரண்டு ஊர் நேரம் காட்டும் ஜோடிக் கடிகாரம் கொடுக்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை ஒன்றைத் திருத்தி வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அக்டோபரில் ஒருத்தி காத்திருப்பாள், இன்னொருத்தி வரமாட்டாள், கோபம் வரும்.

சரி, நேரம் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன பேசுவார்கள்? "என்ன சாப்பிட்ட?" "இட்லி." "ம்." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் உட்கார்ந்து பேசி நட்பு வளர்ப்பவர்கள் இல்லை, எதையாவது சேர்ந்து செய்துகொண்டே பேசுகிறவர்கள். இங்கேதான் பரிசுக்கு வேலை. ஒரு பொருளை ஒருத்திக்கு மட்டும் வாங்குவது என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாங்கினால் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்று போகிறவளுக்கு, இன்னொன்று இருக்கிறவளுக்கு. ஊரில் தங்கிவிட்ட பிள்ளைக்கும் இழப்பு உண்டு. அவளுக்கு யாரும் பரிசு தருவதில்லை.

ஜோடியாக எதை வாங்குவது என்பதிலும் சறுக்கல் இருக்கிறது. சீட்டுக்கட்டு ஆகாது; இரண்டு தனிக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஒரே ஆட்டம் ஆட முடியாது. தாயக்கட்டை ஆடலாம், ஆனால் உருட்டுவதைக் கேமரா முன்னால் உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் "நீ பொய் சொல்ற" என்று சண்டை வரும். ஒளிவுமறைவும் அதிர்ஷ்டமும் இல்லாத ஆட்டம்தான் தூரத்துக்கு ஒத்துவரும். சதுரங்கம் அப்படிப்பட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது பல்லாங்குழி. இரண்டு வீட்டிலும் ஒரு பலகை இருந்தால், "நான் என் பக்கம் முதல் குழியை எடுக்கிறேன்" என்று ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும். மற்றவள் தன் பலகையிலும் அதே ஆட்டத்தை ஆடி முடிவைப் பார்த்துக்கொள்வாள், பிறகு தன் முறையைச் சொல்வாள். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் என்று போனாலும் போகட்டும்.

குழிகளுக்கு எண் வைப்பதில்தான் குழப்பம் வரும். அவரவர் இடது கை ஓரத்துக் குழி ஒன்று, வலது ஓரம் ஏழு என்று வைத்துக்கொண்டு, வலப்பக்கமாகப் போட்டுக்கொண்டு போய் எதிராளியின் ஒன்றாம் குழியில் தொடர வேண்டும். குழிக்கு ஐந்து வீதம் பதினான்கு குழியிலும் மொத்தம் 70 காய். மெல்போர்ன் பிள்ளை தன் முதல் குழியை எடுத்து ஆரம்பிக்கிறாள் என்று வையுங்கள். ஐந்தையும் இரண்டிலிருந்து ஆறு வரை போடுவாள். அடுத்து ஏழாம் குழியை எடுத்துத் தோழியின் ஒன்றிலிருந்து ஐந்து வரை. பிறகு தோழியின் ஆறாம் குழி, அது சுற்றி வந்து இவளுடைய நான்காம் குழியில் முடியும். அடுத்து இவளுடைய ஐந்தாம் குழி, அதில் ஆறு காய். கடைசியாகத் தோழியின் ஐந்தாம் குழி, அதிலும் ஆறு. அது முடிகிற இடத்துக்கு அடுத்த குழி காலி. காலிக் குழியைத் தடவிவிட்டு அதற்கு அடுத்த குழியில் இருக்கும் ஏழு காயை அள்ளிக்கொள்வாள். முறை முடிந்தது. பலகையில் 63, கையில் 7.

தவறு நடந்ததா என்று பார்க்க இந்தக் கூட்டல்தான் கருவி. பலகையில் உள்ளதும் இருவர் கையில் உள்ளதும் சேர்ந்து 70 வராவிட்டால் ஒரு காய் எங்கோ உருண்டுவிட்டது. 70 வந்தும் இரண்டு பலகையும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ எண்ணிக்கை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறைக்குப் பிறகும் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று எடுக்கிறார்களா, காலிக் குழிக்குப் பிறகு எடுத்த காயோடு முறை முடிகிறதா தொடர்கிறதா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். கிளம்புவதற்கு முன்னால் இருவரையும் நேரில் உட்கார வைத்து, எந்த வீட்டு விதி என்று முடிவு செய்து எழுதி வையுங்கள்.

காய் விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் வழக்கப்படி புளியங்கொட்டையோ மஞ்சாடியோ போட்டு மெல்போர்ன் அனுப்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் விதை, மண், தாவரப் பொருள் எதையும் எல்லையில் கடுமையாகச் சோதிப்பார்கள். வந்திறங்கும்போது நிரப்பும் படிவத்தில் அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் விழலாம். பிள்ளையின் பெட்டியிலிருந்து தோழி கொடுத்த புளியங்கொட்டையை அதிகாரி எடுத்துக் குப்பையில் போடுவதை முதல் நாளே அவள் பார்க்க வேண்டுமா? காவிரி மணலைச் சின்னப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கும் ஆசையையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். மரப்பலகை என்றாலும் அறிவிக்க வேண்டும், பட்டையோ பூச்சித்துளையோ இருந்தால் சிக்கல். மடக்கும் பிளாஸ்டிக் பலகையும் கண்ணாடி மணியும் போதும். இரண்டு பேரிடமும் ஒரே நிற மணிகள் இருந்தால் பிள்ளைகளுக்கு அது தனிச் சந்தோஷம். மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களும் அந்தந்த நாட்டு விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த ஊரானாலும் மஞ்சாடி என்று நினைத்துக் குண்டுமணியைப் போட்டுவிடாதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குண்டுமணி. மென்று விழுங்கினால் கொடிய விஷம்.

கடிதம் எழுதச் சொல்லி, நம் ஊர்த் தபால்தலை ஒட்டிய உறைகளைக் கட்டாகக் கொடுத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியத் தபால்தலை ஆஸ்திரேலியத் தபால் பெட்டியில் செல்லாது. அங்கிருந்து எழுத அங்கே தலை வாங்க வேண்டும். இங்கிருக்கும் தோழிக்குத்தான் உறைகளைக் கொடுக்க வேண்டும், மெல்போர்ன் முகவரியை முன்பே எழுதி, தேவையான தலையைத் தபால் அலுவலகத்தில் கேட்டு ஒட்டி.

முகவரி என்றதும் இன்னொன்று. பிள்ளைகளுக்கு நண்பர்களின் பெயரும் இனிஷியலும் தெரியும், அவ்வளவுதான். கதவு எண் தெரியாது, அம்மாவின் போன் எண் தெரியாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் நீக்கப்பட்டதும் எல்லாம் அறுந்துவிடும். எனவே விலையில்லாத ஒரு பரிசு: ஒரு நோட்டில் நாலைந்து நண்பர்களின் பெயர், தெரு, அம்மா அல்லது அப்பாவின் எண், அவர்களின் பிறந்தநாள். பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் முப்பது பேரும் கையெழுத்துப் போட்ட சட்டகத்தைவிட இது எவ்வளவோ பயன்.

அந்தச் சட்டகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரியாவிடை விழாவில் எல்லார் முன்னிலையிலும் கொடுத்து, பிள்ளையை அழ வைத்து, அதைப் படம் எடுப்பது நமக்கு எப்படியோ வழக்கமாகிவிட்டது. வேண்டாமே. முதல் வாரங்களில் விமானம், புது வீடு, புது ஸ்கூல் பை என்று பிள்ளை வேடிக்கையில் இருப்பாள். ஏக்கம் பெரும்பாலும் பிறகுதான் வரும், புது வகுப்பில் மதிய இடைவேளையில் யாரோடு உட்காருவது என்று தெரியாத நாளில். நண்பர்கள் எழுதிய சீட்டுகளை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். அம்மா அந்த மாதிரி ஒரு நாளில் ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நீட்டும் பரிசுகள், எடை கூடி, பெரும்பாலும் தாத்தா வீட்டு அலமாரிக்கே திரும்பும். ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள்.

சில மாதங்களில் பல்லாங்குழி ஆட்டம் பாதியில் நிற்கும். புது ஊரில் புது சிநேகிதி கிடைத்திருப்பாள், பலகையை அவளோடு ஆடிக்கொண்டிருப்பாள். "கும்பகோணத்துப் பொண்ணை மறந்துட்டியா?" என்று கேட்டு வைக்காதீர்கள். இங்கே இருக்கும் தோழியிடம் மட்டும், அடுத்த விடுமுறைக்கு அவர்கள் எப்போது ஊருக்கு வருகிறார்கள் என்ற தேதியைக் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

போவது சென்னைக்கு என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. ஐம்பது பைசா அஞ்சல் அட்டை ஒரு கட்டு இருவருக்கும் செல்லும். அதோடு, வருகிற விடுமுறையில் ஒரு சனிக்கிழமைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போக, தோழிக்கும் அவள் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் அதைவிட வேறெதுவும் வாங்க வேண்டாம்.